14 மாதம் கழித்து ஒரு பதில்

என் மேசையின் கீழறையில் ஒரு பழுப்பு உறை 14 மாதமாகக் கிடந்தது. அனுப்பியவர் பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்திய ஆசிரியர். உள்ளே அவர் கைப்பட எழுதிய 62 பக்கங்களின் ஜெராக்ஸ். எங்கள் ஊரில் வழக்கொழிந்துபோன தொழில்களைப் பற்றிய குறிப்புகள். மேலே குத்தியிருந்த தாளில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்: படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும், புத்தகமாகப் போட்டால் முன்னுரை தர முடியுமா என்று தெரிவிக்க வேண்டும்.

வந்த வாரமே 20 பக்கம் படித்தேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். 'கட்டு கிடைத்தது ஐயா' என்று அன்றைக்கே ஒரு வரி போட்டிருந்தால் போதும். முழுதாகப் படிக்காமல் எழுதுவது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் கழிந்தபோது ஒரு வரி போதாது, ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆறு மாதம் ஆனதும் முன்னுரையையே எழுதி இணைத்தால்தான் கணக்குத் தீரும் போலிருந்தது. கந்துவட்டிக்கு வாங்கிய கடன் இப்படித்தான் ஏறும். அவர் கேட்டதென்னவோ முதல் நாள் கேட்ட அதே இரண்டுதான். மேற்கொண்டு ஏறியதெல்லாம் நானே போட்டுக்கொண்ட வட்டி.

அமெரிக்காவில் பெகி லியூ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. தொடர்பு விட்டுப்போன ஒருவரை நாமாகத் தேடிப்போய் நலம் விசாரித்தால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்று 5,900-க்கும் அதிகமானவர்களை வைத்துச் சோதித்தார்கள். அனுப்பியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். எதிர்பாராமல் வந்தது என்பதே அந்த மகிழ்ச்சிக்கு ஒரு காரணமாக இருந்தது. ஆனால் அதை அப்படியே நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே யாரும் யாருக்கும் பதில் பாக்கி வைத்திருக்கவில்லை. பாக்கி வைத்தவன் எழுதும் கடிதத்தில் கூடுதலாக ஒரு வாக்கியம் இருந்தாக வேண்டும். சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

நான் முதலில் எழுதிக் கிழித்த கடிதம் இது:

'மதிப்பிற்குரிய ஐயா, எந்த முகத்தோடு இதை எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. நான் செய்தது மன்னிக்க முடியாத குற்றம். சென்ற ஆண்டு முழுவதும் உடல்நிலை சரியில்லை. நடுவில் வீடு வேறு மாறினோம். அதில் உங்கள் கட்டு எங்கோ சிக்கிக்கொண்டது. உங்களை நினைக்காத நாளில்லை. தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம். எப்படியாவது மன்னித்துவிடுங்கள்.'

எட்டு வாக்கியம். அவர் உட்கார்ந்து எழுதிய 62 பக்கத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எல்லாமே என்னைப் பற்றி. அவர் இதற்கு என்ன பதில் எழுத முடியும்? 'அதெல்லாம் ஒன்றுமில்லையப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்' என்றுதான். காத்திருந்தவர் அவர், ஆறுதல் சொல்ல வேண்டியவரும் அவரே என்று ஆகிவிடுகிறது. அளவுக்கு மீறிய மன்னிப்பு பணிவு போலத் தெரிந்தாலும், எதிராளியிடம் இன்னொரு வேலை வாங்குகிறது.

அந்தச் சாக்குகளையும் பாருங்கள். வீடு மாறியது உண்மை; ஆனால் கட்டு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே மாறிவிட்டோம். உடல்நிலை என்பது நான்கு நாள் காய்ச்சல். முழுப் பொய் என்று ஒன்றுகூட இல்லை, எல்லாம் கொஞ்சம் உண்மையை இழுத்து நீட்டியது. இழுத்து நீட்டியதைத்தான் பிறகு காப்பாற்றுவது கடினம். ஐயா போன் செய்து, "என்னப்பா உடம்புக்கு? எந்த டாக்டர்கிட்ட காட்டற?" என்று அக்கறையாகக் கேட்டால் அங்கேயே அடுத்த பொய்யைச் சொல்லியாக வேண்டும். கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போன படம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தது; அவருடைய மகன் அதைப் பார்த்திருக்கிறார். ஊரில் ஒருவர் உடம்பு ஒரு வருடம் சரியில்லை என்றால் அது எத்தனை வீடு போய்த் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிழித்துப் போட்டபின், எழுதுவதை விட்டுவிட்டு மீதி 42 பக்கத்தைப் படித்தேன். இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. இவ்வளவு நாள் கழித்து, 'விரைவில் படித்துவிட்டு எழுதுகிறேன்' என்று பதில் போடுவது பழைய கடனுக்குப் புதுப் பத்திரம் எழுதுவதுதான். வேலையை முடிக்க வழியே இல்லையென்றால், 'முதல் 20 பக்கம் படித்தேன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்' என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். அதுவும் ஒரு முழுமையான பதில்தான்.

அடுத்தது, அவர் கேட்டது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. 14 மாதத்தில் புத்தகம் அச்சாகியிருக்கலாம், வேறு யாராவது முன்னுரை தந்திருக்கலாம். அது தெரியாமல், நேற்றுத்தான் கேட்டவர் போல எழுதினால் பழைய தாமதத்தைவிட அதுதான் அதிகம் உறுத்தும். எது நடந்திருந்தாலும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டும்.

கடைசியில் அனுப்பியது இப்படி இருந்தது:

'அன்புள்ள ஐயா, வணக்கம். உங்கள் கட்டு சென்ற ஆண்டு ஆடியில் கிடைத்தது. 14 மாதம் பதில் எழுதாதது என் தவறு. வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியாமல் உங்களைக் காக்க வைத்துவிட்டேன்.

62 பக்கத்தையும் படித்தேன். சுண்ணாம்புக் காளவாய் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெந்த கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்ததும் அது பொரிந்து மாவாக உதிர்வதைப் படித்தபோது அந்தச் சூடு முகத்தில் அடித்தது. கயிறு திரிப்பவர்கள் பகுதியில், எந்தச் செய்தியை யார் சொன்னார் என்று பெயரும் வயதும் சேர்த்தால் பின்னால் தேடுபவர்களுக்கு உதவும்.

முன்னுரை இன்னும் தேவையென்றால் இரண்டு பக்கம் எழுதி ஐப்பசி முடிவதற்குள் அனுப்புகிறேன். வேறொருவரிடம் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதுவே இருக்கட்டும்.'

தாமதத்துக்கு மூன்றே வாக்கியம். எவ்வளவு நாள், யார் விட்ட பிழை, அதனால் அவருக்கு என்ன சங்கடம் என்பது அதில் வந்துவிட்டது. '14 மாதம்' என்று எண்ணைப் போட வேண்டுமா என்று கை கொஞ்சம் தயங்கியது. 'சற்றுத் தாமதமாகிவிட்டது' என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு பொய்தான். அவரிடம் காலண்டர் இருக்கிறது. ஐப்பசி என்று தேதி வைத்ததும் துணிச்சலில் இல்லை. கடிதத்தை உறையில் போடுமுன் முன்னுரையின் முதல் பக்கத்தை எழுதிப் பார்த்துக்கொண்டேன். 'இனிமேல் உடனுக்குடன் பதில் போடுவேன்' என்ற வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதை நம்ப அவருக்கும் காரணமில்லை, எனக்கும் இல்லை.

காரணமே சொல்லாமல் விட்டது சரியா என்று நண்பர் ஒருவர் கேட்டார். காரணம் வேறு, சாக்கு வேறு என்று தமிழிலேயே இரண்டு சொல் இருக்கிறது. எதிராளி அதைத் தெரிந்துகொண்டால் அவருக்கு ஏதாவது ஆகும் என்றால் அது காரணம். கட்டு பழைய முகவரிக்குப் போய் அலைந்து வந்தது என்றால் சொல்லத்தான் வேண்டும். அடுத்த முறை முகவரியை மாற்றி எழுதுவார். வீட்டில் ஒரு சாவு, நீண்ட மருத்துவமனை வாசம் என்றால் ஒரு வரி போதும். விவரித்தால் அவர் துக்கம் கேட்கிற வேலையில் இறங்கிவிடுவார். என் விஷயத்தில் இருந்த ஒரே உண்மை, தள்ளிப்போட்டேன் என்பது. 'என் தவறு' என்றாலே அது அடங்கிவிடுகிறது.

ரிப்ளை ஆல் என்ற அமெரிக்க ஒலிபரப்புத் தொடர் 2015-இல் ஏப்ரல் 30-ஐ மின்னஞ்சல் கடன் தள்ளுபடி நாள் என்று அறிவித்தது. அன்றைக்கு எந்தப் பழைய மின்னஞ்சலுக்கும் மன்னிப்பில்லாமல், விளக்கமில்லாமல் பதில் போடலாம். கூடவே அந்த நாளைப் பற்றிய குறிப்பின் இணைப்பை வைத்தால் போதும். அழகான யோசனை. எங்கள் ஐயாவிடம் செல்லுபடியாகாது.

நம்மூரில் நேரில் பேசும்போது யாரும் 'மன்னித்துவிடுங்கள்' என்று சொல்வதில்லை. 'கோச்சுக்காதீங்க', 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்கிறோம். பெரியவர்கள் அதற்கு உரிமையோடு திட்டுவார்கள். "ஒரு போன் பண்ண நேரமில்லையா உனக்கு?" என்று அத்தை கேட்டால், நம் வேலைப்பளுவை எடுத்துச் சொல்லத் தொடங்கினால் கெட்டது. "ஆமா அத்தை, தப்புதான்" என்று சொல்லிவிட்டு, அவர் மூட்டுவலி எப்படியிருக்கிறது என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு திரும்பிவிடும். அவரைப் போன்றவர்களுக்கு எழுத்தைவிட போன்தான் சரி.

சாவுச் செய்திக்குப் பதில் தராமல் விட்டிருந்தால் எவ்வளவு நாள் ஆனாலும் எழுதலாம். அதில் தாமதத்தைப் பற்றி அரை வரிக்கு மேல் வேண்டாம்; இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். கைமாற்று வாங்கிவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் என்றால் அவருடைய பழைய செய்தியை வலப்பக்கம் தள்ளி, அது மேலே தெரியும்படி பதில் போடுங்கள். இல்லையென்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன கேட்டோம் என்று அவர் மேலே உருட்டித் தேட வேண்டும். வெறும் 'ஹாய்' போட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருப்பது நாம் திறக்க வேண்டிய கதவை அவரைத் திறக்கச் சொல்வது. அனுப்பிய மறுநாளே 'கிடைத்ததா?' என்று கேட்கிற உரிமையும் நமக்கு இல்லை. அவரும் மெதுவாகவே எழுதட்டும்.

ஐயா ஒன்பதாம் நாள் போன் செய்தார்.

"கட்டு தபால்லயே தொலஞ்சிருச்சோன்னு நெனச்சேம்ப்பா. ஒரு வரி போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கணும் ஐயா."

"சரி விடு. கயிறு திரிக்கிறவங்க பேரெல்லாம் பழைய நோட்டுல இருக்கு, சேத்துருவேன். முன்னுரை நீயே எழுது." கொஞ்சம் நிறுத்தினார். "31ஆம் பக்கம் எடு. அதுல ஒரு ஆளோட ஊரைத் தப்பா எழுதியிருக்கேன். முழுசாப் படிச்சேங்குற, கவனிச்சியா?"

கவனித்திருக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.