தளியிலிருந்து திருவாரூருக்கு ஒரு விண்ணப்பம்

கிருஷ்ணகிரி மாவட்டம் தளி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. அங்கே இடைநிலை ஆசிரியராக வேலை பார்க்கிறார் ஒரு பெண். கணவருக்குத் திருவாரூரில் அரசுப் பணி. நான்கு வயது மகன் பாட்டியிடம் வளர்கிறான். இந்தக் குடும்பம் எடுத்துக்காட்டுக்காக இங்கே சொல்லப்பட்டது. ஆனால் தமிழகத்தில் இப்படிப் பிரிந்து வாழும் ஆசிரியர் குடும்பங்கள் ஏராளம்.

ஊர்மாறக் கேட்டு எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது கண்ணீர்தான். இரண்டு பக்கம் நிறைந்துவிடும். கடிதம் அலுவலக உதவியாளரின் மேசைக்குப் போனதும், அவர் அதிலிருந்து கோப்புக்கு எடுத்து எழுத வேண்டியவை சிலவே: இவர் யார், இந்தப் பள்ளியில் எப்போது சேர்ந்தார், எங்கே போக விரும்புகிறார், காரணத்துக்குச் சான்று என்ன. தேடி எடுக்க வேண்டிய நிலையில் இவை கிடந்தால் கோப்பு தாமதமாகும்.

அதனால் ‘பொருள்’ வரியிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும். ‘இடைநிலை ஆசிரியர் – கணவர் பணிபுரியும் திருவாரூர் மாவட்டத்துக்குப் பணியிட மாறுதல் கோருதல் – சார்பாக’ என்றாலே போதும். உள்ளே முதல் பத்தியில் பள்ளியின் பெயர், ஒன்றியம், பணியில் சேர்ந்த நாள், இப்பள்ளிக்கு வந்த நாள். இந்தத் தேதிகளைப் பணிப்பதிவேட்டைப் பார்த்தே எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதிய ஒரு தேதி பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால், விளக்கம் கேட்டுக் கடிதம் திரும்பி வரும்.

இரண்டாம் பத்திதான் உயிர்நாடி. ‘என் கணவர் திருவாரூரில் பணிபுரிகிறார். நான் தளியில் தனியே தங்கியுள்ளேன். நான்கு வயது மகனைக் கணவரின் தாயார் வளர்த்து வருகிறார். அவருக்கும் இப்போது உடல்நிலை சரியில்லை.’ இவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும்: கணவரின் அலுவலகத் தலைவர் தரும் பணிச்சான்று, மகனின் பிறப்புச் சான்று, பாட்டியின் மருத்துவச் சான்று. இதில் பணிச்சான்றுக்கே எடை அதிகம். கலந்தாய்வில் ‘கணவன்–மனைவி பணிபுரிவோர்’ என்பது முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்று. மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர், கைம்பெண்கள் போன்றோருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. மாமியாரின் உடல்நலக்குறைவு மனத்தை உருக்கலாம். வரிசையில் முன்னே கொண்டுபோவது பணிச்சான்றுதான்.

‘திருவாரூர் நகரில் இன்ன பள்ளி’ என்று ஒரே இடத்தைக் கேட்பது பலர் செய்யும் பிழை. அங்கே காலிப்பணியிடம் இல்லையென்றால் கோரிக்கை அத்தோடு நின்றுவிடும். ‘மாவட்டத்தில் காலியாக உள்ள எந்தப் பள்ளியாயினும்’ என்று எழுதினால் பரிசீலிக்க இடம் கிடைக்கிறது.

மாவட்டம் விட்டு மாவட்டம் என்பதால் கடிதம் தொடக்கக் கல்வி இயக்குநருக்குப் போக வேண்டும். அதற்காகச் சென்னைக்கு நேரே அனுப்பிவிடக் கூடாது. தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று ‘உரிய வழியில்’ ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. இடையில் அரசியல்வாதி ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி இணைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெளியார் செல்வாக்கைக் கொண்டு அழுத்தம் தருவதை அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடை செய்கின்றன.

கடிதம் மட்டும் மாறுதலைத் தந்துவிடாது. ஆண்டுதோறும் நடக்கும் பொது மாறுதல் கலந்தாய்வுக்கு எமிஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவில் உள்ளதும் கடிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் விண்ணப்பிக்கவே தயங்கியவர்கள் உண்டு. பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டதால், வேறு ஒன்றியத்துக்குப் போனவர் அங்கே கடைசி ஆளாகச் சேர்வார். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவிலான பணிமூப்பாக மாற்றியது. வேறு காரணங்களுக்காக ஆசிரியர் அமைப்புகள் பல அதை எதிர்த்தன. வெளி மாவட்டம் போக விரும்புவோருக்கு மட்டும் ஒரு பயம் குறைந்தது.

கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா? இல்லை. பீகாரில் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சிலர் கணவர் வேலை பார்க்கும் ஊருக்கே மாறுதல் கேட்டுப் பெற்றார்கள். அதனால் இடம் இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பாட்னா உயர் நீதிமன்றம் ஆணைகளை ரத்து செய்தது; உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி ஆசிரியைகளின் மாறுதலை நிலைநிறுத்தியது. ஷில்பி போஸ் வழக்கு எனப்படும் அதே தீர்ப்புதான், மாறுதலுக்குரிய பணியில் இருப்பவர் ஓர் இடத்திலேயே இருக்க உரிமை கோர முடியாது என்றும் சொன்னது. 2022இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், மாறுதல் கொள்கை வகுக்கும்போது ஊழியரின் குடும்ப வாழ்க்கையையும் அரசு கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. தளி ஆசிரியரின் கடிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டால் மனமொத்த மாறுதல் என்னும் வழி இருக்கிறது. திருவாரூரில் இருந்துகொண்டு கிருஷ்ணகிரிக்கு வர ஏங்கும் இன்னொரு இடைநிலை ஆசிரியரைத் தேடிப் பிடித்து, இருவரும் சம்மதக் கடிதம் எழுதித் தர வேண்டும்.