பிளவுஸ் அளவு எங்கே தவறுகிறது?

புடவைக்குத் தைக்கும் பிளவுஸில் மற்ற ஆடைகளைவிட அளவு துல்லியமாக இருக்க வேண்டும். சுடிதாரில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. உடலோடு ஒட்டி நிற்கும் பிளவுஸில் அரை அங்குலம் மாறினாலே தோள் நழுவும், அக்குள் இறுக்கும், கொக்கிகளுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை தையலில் உண்டாவதில்லை. துணியை வெட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

முதலில் கவனிக்க வேண்டியது லைனிங் துணி. பட்டு, ஜரிகை, மெல்லிய ஜார்ஜெட் போன்ற துணிகளுக்கு உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைப்பது வழக்கம். நெசவின்போதும் அதற்குப் பின் மெருகேற்றும்போதும் பருத்தி நூல் இழுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த இழுவிசை தளர்ந்து துணி சுருங்கும். மேல்துணி அதே அளவில் நிற்க, உள்ளே இருக்கும் லைனிங் மட்டும் சுருங்கினால், முதல் சலவையிலேயே தையல் ஓரங்களில் மேல்துணி கொசுவம் கொசுவமாக எழும்பி நிற்கும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது படியாது.

எவ்வளவு சுருங்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். லைனிங் துணியில் நீளவாக்கில் 10 அங்குலத்துக்குப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, துணி முழுவதையும் பச்சைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபின் மறுபடி அளக்க வேண்டும். 10 அங்குலம் ஒன்பதரையாகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். 14 அங்குல உயரமுள்ள பிளவுஸில் அது 0.7 அங்குலம். அதாவது, இடுப்புக்கு மேல் நிற்கும் கீழ்ப்பட்டியே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும். இப்படி நனைத்து உலர்த்திய லைனிங் தைத்தபின் அவ்வளவாகச் சுருங்காது. பருத்தி பிளவுஸ் துணியையும் இதேபோல் நனைத்துக் கொடுப்பது நல்லது. பட்டையும் ஜரிகையையும் நனைக்கக் கூடாது. லைனிங்கை மட்டும் நனைத்தால் போதும். அடர்நிற லைனிங்கை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால், வியர்வையில் அது மேல்துணிக்கும் இறங்கும்.

அடுத்தது அளவு. பழைய பிளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுப்பது நம் ஊர்களில் வழக்கம். இன்றைக்குப் போட்டாலும் குறையில்லாமல் பொருந்தும் பிளவுஸாக இருந்தால்தான் அந்த வழி சரிவரும். பலமுறை பிரித்துத் தைத்ததும், இழுவைத் துணியில் தைத்ததும் அளவுக்கு உதவாது. இழுவைத் துணி உடலுக்கேற்ப விரிந்து கொடுக்கும். அதே அளவில் பட்டை வெட்டினால் மூச்சு விடவே சிரமமாகும். அளவு பிளவுஸில் எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதையும் தையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அதிலுள்ள குறையும் அப்படியே புதியதற்கு வந்துசேரும்.

உடலில் அளவெடுப்பதே நம்பகமானது. புது பிளவுஸோடு எந்த உள்ளாடை அணிவார்களோ அதையே அணிந்து அளவு கொடுக்க வேண்டும். உள்ளாடை மாறினால் மார்புச் சுற்றளவும் மாறும், டாட் முடியும் இடமும் மாறும். தோளிலிருந்து மார்பின் உச்சி வரையுள்ள தூரத்தை டாட் பாயிண்ட் என்பார்கள். இது ஓர் அங்குலம் தவறினால் சுற்றளவு சரியாக இருந்தும் முன்பகுதி தொய்ந்தோ கூர்ந்தோ தெரியும். பழைய பிளவுஸை வைத்து அளக்கும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் அளவு இதுதான்.

மூன்றாவது, உள்ளே விடும் துணி. பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருந்தால் பிறகு எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வலது பக்கத்தில் முன்துண்டு, பின்துண்டு. இடது பக்கத்திலும் அப்படியே. ஆக, நான்கு ஓரங்கள். ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலம் பிரித்துவிட்டால் மொத்தச் சுற்றளவு 2 அங்குலம் கூடும். 36 அங்குல மார்புக்குத் தைத்தது 38 அங்குலத்துக்கும் பொருந்தும். தையலுக்கு அரை அங்குலமும் மிஞ்சும். ஆனால் கையிலும் அதே அளவுக்குத் துணி விட்டிருக்க வேண்டும். பக்கத் தையல் அக்குள் வழியாகக் கைக்குள்ளும் தொடர்வதால், உடலை மட்டும் பிரித்தால் கை பொருந்தாது. அதனால்தான் உடலில் மட்டுமன்றி கையிலும் துணி விடச் சொல்லிக் கேட்பது அவசியம்.

இப்படித் திருத்த முடியாதவையும் உண்டு. கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டால் மேலே ஏற்ற வழியில்லை. உயரம் குறைந்தால் பட்டி ஒன்று ஒட்டுப் போடத்தான் வேண்டும். பட்டில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளைகளின் வரிசை நிற்கும். ஆகவே விசேஷத்துக்கான பிளவுஸை முதலில் பெரிய தையலாகப் போட்டு ஒருமுறை அணிந்து பார்த்துவிட்டு, பிறகு இறுதித் தையல் போடச் சொல்வது பாதுகாப்பானது.

அணிந்து பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நின்றால் மட்டும் போதாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். பிளவுஸ் முழுவதும் மேலே ஏறினால் அக்குள் வெட்டு தேவைக்கு மேல் கீழே இறங்கியிருக்கிறது என்று அறியலாம். இங்கேதான் பலரும் தவறான திருத்தத்தைக் கேட்கிறார்கள். கை தூக்க முடியாததால் அக்குள் இறுக்கமாக இருப்பதாக நினைத்து, இன்னும் வெட்டச் சொல்வார்கள். வெட்ட வெட்டக் கை உடலோடு சேரும் இடம் கீழே இறங்குமே தவிர, கை தூக்க இடம் கிடைக்காது. உடலை ஒட்டி மேலே நிற்கும் அக்குள்தான் கையைத் தாராளமாக அசைய விடும். சதையை அழுத்திச் சிவக்கச் செய்தால் மட்டுமே சிறிது வெட்டலாம்.

துணிச் சுருக்கங்களும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். அக்குளிலிருந்து மார்பை நோக்கிக் கோடுகள் இழுத்தால் மார்பளவு போதவில்லை. கொக்கி இடைவெளி வாய் பிளந்தாலும் காரணம் அதுதான். கொக்கிகளைக் கூட்டுவதால் அது முழுவதும் சரியாகாது. தோள் நழுவினால் முன்கழுத்தும் பின்கழுத்தும் சேர்ந்து அகலமாகிவிட்டன என்று பொருள். பின்கழுத்து ஆழமாக வேண்டுமானால் முன்கழுத்தின் அகலத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் முதுகில் நாடா வைக்க வேண்டும்.

புடவையோடு சேர்ந்து வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம். மார்பளவு பெரிதாக இருந்தாலோ முழங்கை வரை கை வேண்டுமென்றாலோ அது போதாமல் போகலாம். அப்போது தையல்காரர் உள்ளே விடும் துணியைத்தான் முதலில் குறைப்பார். துணியைக் கடையில் கொடுக்கும்போதே, உள்ளே எவ்வளவு துணி விட முடியும் என்று கேட்டுவிடுங்கள். அரை அங்குலத்துக்கும் குறைவு என்று பதில் வந்தால், கையின் நீளத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.