படத்துக்குள் இருக்கும் அட்சரேகை

2024 மே 10ஆம் தேதி இரவு, விடிந்தால் 11. லடாக்கின் ஹான்லே கிராமத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனம் வைத்திருக்கும் கேமராக்களில், வடக்கு அடிவானத்தை ஒட்டிச் சிவப்பு ஒளி ஒன்று பதிவாகியிருந்தது. இருபது ஆண்டுகளில் கண்டிராத வலிமையுள்ள சூரியப் புயல் அன்று பூமியைத் தாக்கியிருந்தது. ஹான்லேயில் தெரிந்தது அதனால் எழுந்த துருவ ஒளிதான். ஆனால் நார்வேயிலிருந்து வரும் படங்களில் நாம் பார்க்கும் பச்சைத் திரை அதில் இல்லை. சிவப்பு மட்டுமே இருந்தது. அந்த நிறமே அது எங்கிருந்து எடுத்த படம் என்பதைப் பாதி சொல்லிவிடுகிறது.

துருவ ஒளியின் பச்சையும் சிவப்பும் ஆக்சிஜன் அணுக்களிலிருந்தே வருகின்றன. வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் துகள்களின் விளைவாகத் தூண்டப்பட்ட அணு, பச்சை ஒளியை ஒரு வினாடிக்குள் வெளியிட்டுவிடும். சிவப்பை வெளியிட அதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். காற்று அடர்ந்த இடத்தில் அதற்குள் வேறு ஓர் அணுவோ மூலக்கூறோ வந்து மோதி, ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். அதனால் சிவப்பு, காற்று மிக மெலிந்திருக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல்தான் நன்றாகப் பிறக்கிறது. 400 கிலோமீட்டர் வரைகூடப் போகும். பச்சை 100 முதல் 150 கிலோமீட்டரில் ஒளிர்கிறது. ஒளி மிக வலுவாக இருக்கும் இரவுகளில், பச்சைக்கும் கீழே ஓர் இளஞ்சிவப்பு ஓரம் தெரியும். அது நைட்ரஜனின் வேலை.

இனி பூமியின் வளைவைச் சேர்த்துக்கொள்வோம். கடலில் தூரத்துக் கப்பலின் உடல் மறைந்து, கொடிமரம் மட்டும் தெரிவது போன்றதுதான் இது. 110 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பச்சை, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பு 2,200 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரியும். ஆகவே அடிவானத்தில் சிவப்பு மட்டும் இருந்தால், கேமரா ஒளிக்கு வெகு தெற்கே இருக்கிறது. பச்சைக் கதிர்கள் தலைக்கு நேர் மேலே ஒரு புள்ளியில் குவிவதுபோலத் தெரிந்தால், கேமரா ஒளிக்கு நேர் கீழே இருக்கிறது.

இதிலிருந்து நேராக அட்சரேகைக்குத் தாவிவிட முடியாது. துருவ ஒளி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி வளையமாக நிற்கிறது. அந்தத் துருவம் கனடாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கனடாவின் எல்லோநைஃப், சைபீரியாவின் யாகுட்ஸ்க் இரண்டும் ஏறக்குறைய 62 டிகிரி வடக்கில் உள்ளவை. எல்லோநைஃபில் பச்சைத் திரை தலைக்கு மேல் ஆடுவது வழக்கம். யாகுட்ஸ்கில் அது அரிது. அதோடு, 2024 மே மாதத்தைப் போன்ற புயலில் வளையம் வெகுதூரம் தெற்கே விரிந்துவிடும். எனவே படத்தின் தேதி தெரியாமல் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. துருவ ஒளியே அல்லாத பச்சையும் உண்டு. தாய்லாந்து வளைகுடாவில் கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் மேகத்தில் பட்டு வானமே ஒளிர்வதுபோல் காட்டும். மேகம் நட்சத்திரங்களை மறைக்கும். துருவ ஒளியின் ஊடே நட்சத்திரங்கள் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இது ஒன்றே போதும்.

துருவ ஒளிப் படத்திலேயே துருவ நட்சத்திரமும் விழுந்திருந்தால் நிறத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். அடிவானத்திலிருந்து அதன் உயரம் எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அதுவே அட்சரேகை. சென்னையில் 13 டிகிரி, நார்வேயின் டிரம்சோவில் 70.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சாட்சி நள்ளிரவுச் சூரியன். அதில் கணக்கு மிக எளிது. வடதுருவத்தில் நிற்பவருக்கு, ஜூன் 21 அன்று சூரியன் நாள் முழுதும் 23.4 டிகிரி உயரத்தில் சுற்றும். துருவத்திலிருந்து ஒரு டிகிரி தெற்கே வந்தால், நள்ளிரவு உயரமும் ஒரு டிகிரி குறையும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தேதி ஜூன் 21. கடலுக்கு மேலே சூரியன். முழுச்சட்ட கேமரா, 50 மி.மீ. லென்ஸ், அது குறுக்கே சுமார் 40 டிகிரியைப் பிடிக்கும். படத்தின் அகலம் 6,000 பிக்சல் என்றால், ஒரு டிகிரிக்கு 150 பிக்சல். சூரியனின் நடுப்புள்ளி கடல் விளிம்பிலிருந்து 500 பிக்சல் மேலே இருக்கிறது, அதாவது 3.3 டிகிரி. காற்று ஒளியை வளைத்து, இவ்வளவு தாழ்ந்த சூரியனை ஏறக்குறைய 0.2 டிகிரி தூக்கிக் காட்டும். அதைக் கழித்தால் 3.1. இப்போது 90இலிருந்து 23.4ஐக் கழித்து 3.1ஐக் கூட்டினால் 69.7 டிகிரி வடக்கு. டிரம்சோ நகரம் இருக்கும் அட்சரேகை அது.

இது சரிவர, படம் சூரியன் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். அது கடிகாரத்தின் 12 மணி அல்ல. கோடைக்கால நேரத்தின்படி டிரம்சோவில் அது ஏறக்குறைய 12.46க்கு வரும். ஒரு மணி நேரம் தவறினால் உயரத்தில் 0.6 டிகிரி பிசகும். மலைமேல் நின்று எடுத்த படமும் ஏமாற்றும்: 400 மீட்டர் உயரத்தில் கடல் விளிம்பு அரை டிகிரிக்கு மேல் தாழ்ந்து தெரியும். ஓரங்களை வெட்டிய படத்தில் 40 டிகிரி என்ற கணக்கே செல்லாது. தேதி பெரிய விஷயம். ஜூலை 23 வாக்கில் சூரியச் சாய்வு 20 டிகிரிக்கு வந்துவிடுவதால், அதே 3.1 டிகிரிக்கு விடை 73 டிகிரி வடக்கு ஆகிவிடும்.

சூரியன் அடிவானத்தைத் தொடாத இடங்களுக்குத் தெற்கே, அந்தி பேசத் தொடங்குகிறது. சென்னையில் மாலைச் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. மறைந்த அரைமணிக்குள் இருட்டிவிடும். மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் நாளில், டிரம்சோவில் அது அடிவானத்துக்கு 20 டிகிரி சாய்வில் மட்டுமே சரிவதால், அதே அளவு இருட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூன் 21 நள்ளிரவில் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் சூரியன் 2.4 டிகிரிதான் கீழே இருக்கும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 6.6. இரண்டு இடங்களிலும் இரவெல்லாம் வடக்கு வானம் வெளிறியே நிற்கும். இருபது நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் கிடைத்தால், வெளிச்சம் பக்கவாட்டில் நகர்ந்ததா, கீழிறங்கியதா என்று பாருங்கள்; உயர்ந்த அட்சரேகையில் அது முக்கியமாகப் பக்கவாட்டில்தான் போகும். வடகோளத்தில் நள்ளிரவு வெளிச்சம் வடக்கில் இடமிருந்து வலமாகவும், அன்டார்க்டிகாவில் தெற்கில் வலமிருந்து இடமாகவும் நகரும். எந்தக் கோளம் என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் படத்தில் கிடைப்பது கடினம்.

குளிர்காலத்தில் இதே கணக்கு தலைகீழாகிறது. டிசம்பர் 21 நண்பகலில் டிரம்சோவில் சூரியன் 3.1 டிகிரி அடிவானத்துக்குக் கீழே இருக்கும். நிழல் விழாத நீலப் பனி, தெற்கில் மட்டும் ஓர் இளஞ்சிவப்புக் கோடு: மாலை என்று தோன்றும் அந்தப் படம் மதியம் 12 மணிக்கு எடுத்ததாக இருக்கலாம். நள்ளிரவுச் சூரியனையும் துருவ ஒளியையும் ஒரே சட்டத்தில் காட்டும் படமோ ஒட்டுவேலை. அவ்வளவு வெளிச்சத்தில் துருவ ஒளி கண்ணுக்கும் கேமராவுக்கும் தெரியாது.

ஆனால் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் கிடைப்பது ஓர் அட்சரேகை மட்டும்தான். 69, 70 டிகிரிகளில் டிரம்சோவும் இருக்கிறது, கிரீன்லாந்தின் இலுலிசாட்டும் இருக்கிறது, சைபீரியாவின் நொரில்ஸ்கும் இருக்கிறது. படம் எடுத்த நேரம் கிரீன்விச் நேரத்தில் துல்லியமாகத் தெரிந்தால், சூரியன் மிகத் தாழ்ந்த கணத்தைக் கொண்டு தீர்க்கரேகையையும் கணக்கிடலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அது தெரியாவிட்டால் கரையில் நிற்கும் மரங்களையும் வீடுகளின் கூரைகளையும் சாலைப் பலகைகளின் எழுத்தையும்தான் பார்க்க வேண்டும்.