வெள்ளியிலிருந்து பின்னோக்கி

ஞாயிறு தொடங்கி ஏழு கிழமைகள் கொண்ட ஒரு பைத்தான் பட்டியல். வெள்ளியிலிருந்து பின்னோக்கி ஞாயிறு வரை வேண்டும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் வெள்ளியின் இடம் 5. முடிவு எல்லையாகச் சொல்லும் இடம் விடையில் சேராது. எனவே ஞாயிறும் வர வேண்டுமானால் பூஜ்யத்துக்கு முந்தைய எண்ணை, அதாவது -1 ஐக் கொடுக்கலாம் என்று தோன்றும்.

```python
d = ["ஞாயிறு", "திங்கள்", "செவ்வாய்", "புதன்",
     "வியாழன்", "வெள்ளி", "சனி"]
d[5:-1:-1]   # []
```

வருவது வெற்றுப் பட்டியல். பிழைச் செய்தி எதுவும் இல்லை. தொல்லையே அதுதான்: நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், விடை மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஸ்லைஸில் எதிர்மறை எண்ணைக் கண்டால் பைத்தான் முதலில் அதோடு பட்டியலின் நீளத்தைக் கூட்டுகிறது. -1 உடன் 7 சேர்ந்தால் 6, அதாவது சனிக்கிழமை. 5 இலிருந்து கீழே இறங்கச் சொல்லிவிட்டு 6 இல் நிற்கச் சொன்னால் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது எண்ணான ஸ்டெப்புக்கு இந்தக் கூட்டல் கிடையாது. அதன் குறி திசையைச் சொல்கிறது, அளவு தாவலைச் சொல்கிறது.

`d[-2:0:-2]` என்பதைத் தாளிலேயே சரிபார்க்கலாம். -2 உடன் 7 சேர்ந்தால் 5. அங்கிருந்து இரண்டிரண்டாக இறங்கினால் 5, 3, 1. அடுத்த தாவல் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். விடை வெள்ளி, புதன், திங்கள்.

கைக்கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் பைத்தானையே கேட்கலாம்.

```python
slice(5, -1, -1).indices(7)     # (5, 6, -1)
slice(5, None, -1).indices(7)   # (5, -1, -1)
```

முதல் வரியில் -1 எப்படி 6 ஆனது என்பது வெட்டவெளிச்சம். இரண்டாவதில் முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். `d[5::-1]` என்று எழுதுவதும் அதுவே, ஞாயிறு வரை சரியாக வரும். அங்கே திரும்பிவரும் -1 `range` க்குக் கொடுக்க வேண்டிய எண். அதை எடுத்து மறுபடி ஸ்லைஸுக்குள் போட்டால் மீண்டும் 6 ஆகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், `d[5:-8:-1]` சரியாக வேலை செய்யும். 7 ஐக் கூட்டிய பிறகும் எதிர்மறையாகவே இருப்பதால் பட்டியலின் தொடக்கத்தையும் தாண்டியதாகக் கொள்ளப்படும். ஆனால் பட்டியல் பத்து உறுப்புகளாக வளர்ந்தால் அதே -8 என்பது 2 ஆகி, முதல் மூன்றும் விடுபட்டுப்போகும்.

கண்ணெதிரே -1 என்று எழுதியிருந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். நிஜத்தில் அது `d[5:k-1:-1]` என்று ஒளிந்திருக்கும். `k` மூன்றாக இருந்தால் வெள்ளி, வியாழன், புதன் எனச் சரியாக வரும். ஒன்றானாலும் சரி. பூஜ்யமானால் மட்டும் வெறுமை. சோதிப்பவர் பூஜ்யத்தைக் கொடுத்துப் பார்க்கவில்லை என்றால் இது தப்பிவிடும். `d[k:6][::-1]` என்று முன்னோக்கி வெட்டிவிட்டுப் பிறகு திருப்பினால் `k` பூஜ்யமானாலும் ஆறு கிழமைகளும் கிடைக்கும். இடையில் இன்னொரு பட்டியல் உருவாகும். உறுப்புகள் லட்சக்கணக்கில் இல்லாதவரை அது ஒரு பொருட்டல்ல.