முறுக்குக் கடையின் வாட்ஸ்அப் வணக்கம்

முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஒரு வீட்டுக் கடை. கை மாவாக இருக்கும் நேரத்தில் யாரோ "அதிரசம் கிடைக்குமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அங்கே உதவுவது வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலி. அதில் Business tools என்ற இடத்தில் Greeting message இருக்கிறது. அதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், போனில் நெட் இருக்கும்வரை வணக்கம் தானாகப் போகும்.

முதல் தடவை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமலிருந்து திரும்ப எழுதுகிறவருக்கும் மட்டும்தான் அது போகும். ஆகவே "புது வாடிக்கையாளரே, வருக!" என்று எழுதிவிடாதீர்கள். பத்து வருடமாக வாங்குகிறவர் அடுத்த தீபாவளிக்கு எழுதினாலும் அதேதான் போகும். இருவருக்கும் பொருந்துகிற மாதிரி இப்படி எழுதலாம்:

"வணக்கம் 🙏 அடுப்படியில் இருக்கிறேன். என்ன பலகாரம், எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று எழுதிப் போடுங்கள். மதியம் 2 மணிக்குள் பதில் சொல்கிறேன்."

ஆர்டர் உறுதி வேறு கதை. இந்தச் செயலி அதைத் தானாக அனுப்பாது. பெரிய கடைகள் காசு கட்டி வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. சின்னக் கடைக்கு Quick replies போதும். இடம் விட்டு ஒரு வாசகத்தைச் சேமித்துவைத்தால், / தட்டியதும் அது வந்து நிற்கும். இடத்தை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான்:

"ஆர்டர் எழுதிக்கொண்டேன் ✅
கை முறுக்கு 1 கிலோ ரூ.400, அதிரசம் 20 ரூ.300
மொத்தம் ரூ.700. முன்பணம் ரூ.300 வந்தது, மீதி ரூ.400
📅 வெள்ளி மாலை 5 மணிக்குத் தயார்.
பாட்டிக்கு என்றீர்களே, முறுக்கை மெலிதாகவே சுற்றுகிறேன்."

கடைசி வரி மட்டும் சேமித்ததல்ல, அப்போது கையால் அடித்தது. சொந்த மனுஷர் பேசுகிற உணர்வு அந்த ஒரு வரியில்தான் வருகிறது; பத்து பூ, பதினைந்து இதயம் போட்டாலும் வராது. சேமித்த வாசகத்தில் போன ஆளின் பெயரையும் தொகையையும் விட்டுவைப்பதும் ஆபத்து. அவசரத்தில் அப்படியே போய்விடும். காலி இடத்தில் கோடு போட்டு வைத்தால் நிரப்ப மறந்தது உடனே கண்ணில் படும்.

எமோஜியில் ஒரு கறார் வேண்டும். ✅, 📅 இரண்டும் படிக்கிறவர் கண்ணுக்கு வழிகாட்டுகின்றன. அவை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். 🎉, 😍 வகையறா சேமித்த வாசகத்தில் வேண்டவே வேண்டாம். அதிரசம் கல்யாணச் சீருக்கா கருமாதிக்கா என்று செயலிக்குத் தெரியாது. துக்க வீட்டுக்காரருக்கு 🎉 போய்ச் சேர்ந்தால் எந்த மன்னிப்பும் எடுபடாது. விசேஷம் இன்னதென்று தெரிந்த பிறகு, கொண்டாட்டப் படத்தைக் கையால் போட்டுக்கொள்ளலாம்.

வணக்கத்தை இயக்கியதும், கடை எண்ணோடு இதுவரை பேசாத ஒரு போனிலிருந்து ஒரு "ஹலோ" அனுப்பிப் பாருங்கள்; வாடிக்கையாளர் பார்ப்பது எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.