1500 மீட்டருக்கு எத்தனை மூச்சு?

காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்கூட இந்த ஓட்டத்தில் நின்றுவிடுவது உண்டு. அதற்காகத் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் பள்ளி மைதானத்திலும் புறவழிச்சாலை ஓரத்திலும் விடியும் முன்பே பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் நிற்பவர்களிடமிருந்து அவர்கள் காதில் அடிக்கடி விழும் அறிவுரை ஒன்று: “வாய மூடிட்டு ஓடுப்பா, மூக்கால மூச்சு விடு.”

இந்த அறிவுரை பாதி சரி. மெதுவாக ஓடும்போது அது நல்ல பழக்கம். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்ற வேகத்துக்கு அது பொருந்தாது. எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்பதைக் காற்றின் அளவை வைத்தே சொல்லிவிடலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்று நமக்குப் போதும். மூக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கும். கொடுப்பதோடு நிற்காமல் தூசியை வடிகட்டி, காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரப்பதம் சேர்த்து உள்ளே அனுப்பும். ஓடத் தொடங்கியதும் காற்றின் தேவை மளமளவென்று ஏறுகிறது. நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தொடும் இடத்தில் பெரும்பாலானவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மூக்கின் பாதை குறுகலானது. அதன் வழியே அதற்கு மேல் காற்றை இழுக்க மூச்சுத் தசைகள் மிகக் கடுமையாக உழைக்க வேண்டியிருப்பதால், உடம்பு சுலபமான வழியைத் தேடிக்கொள்கிறது. ஓரளவு பயிற்சி உள்ள இளைஞர் 1500 மீட்டரை முழு முயற்சியோடு ஓடும்போது தேவைப்படுவது நிமிடத்துக்கு 80 முதல் 100 லிட்டர். அந்த நேரத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டால் என்ன ஆகும்?

பலர் நினைப்பதுபோல் முதலில் தொந்தரவு தருவது ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பைப் பெரும்பாலும் எழுப்புவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. தசைகள் வேகமாக வேலை செய்யும்போது அது கூடுதலாக உண்டாகிறது. உண்டாகும் வேகத்திலேயே வெளியேற வேண்டும். மூக்கு மட்டும் என்றால் வெளியேற்றம் பின்தங்கிவிடும். மூளை ‘இன்னும் மூச்சு விடு’ என்று நெருக்கும். தோள் உயரும், கழுத்து இறுகும், வேகம் தளரும். இது மனவலிமை இல்லாததால் வருவது அல்ல.

இதற்கு மாறான ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஜார்ஜ் டல்லம் என்பவரின் குழு, ஆறு மாதம் மூக்கால் மட்டுமே மூச்சுவிட்டுப் பழகிய ஓட்டக்காரர்களைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. அவர்கள் மூக்கால் ஓடியபோதும் உடம்பு எடுத்துக்கொண்ட அதிகபட்ச ஆக்சிஜன் அளவு குறையவில்லை. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். பழகியதோ பல மாதம். அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு இருக்கும் பையனுக்கு இது வழிகாட்டி ஆகாது.

அதனால் நான் சொல்வது இதுதான். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் ஓடும் நிதானமான ஓட்டத்தில் மூக்கை நம்புங்கள். மூக்கால் மட்டும் ஓட முடிகிற வேகமே நிதானமான வேகத்துக்கு நல்ல அளவுகோல். வாய் திறந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் வேகம் கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஓடினால் நெஞ்சில் ‘கீச் கீச்’ சத்தம் வருகிறவர்களுக்கு இது கூடுதல் உதவி. வறண்ட, குளிர்ந்த காற்று வாய் வழியாக நேரே உள்ளே போவதுதான் அவர்களுடைய மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்கிறது. மூக்கு அதைப் பதப்படுத்தி அனுப்புகிறது. பனிக்காலக் காலையிலும் புழுதி பறக்கும் சாலையிலும் எல்லோருக்குமே மூக்கு நல்லது. வேகமாக ஓடும் நாளில் மூக்கும் வாயும் இரண்டும் திறந்திருக்கட்டும். தாடையைத் தளரவிட்டு உதடுகளைக் கொஞ்சம் பிரித்துக்கொண்டால் போதும், காற்று இரண்டு வழியிலும் போகும்.

காற்று வரும் வழியைவிட, அது வரும் ஒழுங்கில்தான் பலர் தோற்கிறார்கள். களைப்பு ஏற ஏற மூச்சு குட்டையாகி, நாய் இரைப்பதுபோல் வேகமாகிறது. அதில் ஒரு நட்டம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரை மட்டுமே போய்த் திரும்பும். ஆக்சிஜன் பரிமாற்றம் நடக்கும் நுரையீரல் அறைகளை அது எட்டுவதே இல்லை. நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூச்சுக்கு ஒரு லிட்டர் வீதம் 60 மூச்சு எடுத்தால் 9 லிட்டர் வீண். இரண்டு லிட்டர் வீதம் 30 மூச்சு எடுத்தால் வீணாவது 4.5 லிட்டர்தான். அதே 60 லிட்டரில் ஆழமான மூச்சுக்காரருக்குக் கூடுதலாக நாலரை லிட்டர் பயன்படுகிறது. மூச்சைக் காலடியோடு இணைப்பதன் முதல் பயன் இதுதான். எண்ணிக்கை இருந்தால் மூச்சு குட்டையாகாமல் காக்கலாம்.

இந்த இணைப்பு யாரோ கண்டுபிடித்த உத்தி இல்லை. 1983இல் டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இருவர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, பாலூட்டிகளின் ஓட்டத்தையும் மூச்சையும் ஒப்பிட்டது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் எடுக்கிறது. மனிதர் நிமிர்ந்து ஓடுவதால் மார்புக்கூடு அந்தக் கட்டிலிருந்து விடுபட்டு, பல விகிதங்களில் மூச்சை அமைத்துக்கொள்ள முடிகிறது. அவற்றில் அதிகம் தென்பட்டது நாலு காலடிக்கு ஒரு மூச்சு. பழகிய ஓட்டக்காரர்களிடம் இந்த இணைப்பு இறுக்கமாக இருந்தது. புதியவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

நாலு காலடிக்கு ஒரு மூச்சு என்றால் இரண்டு காலடிக்கு இழுத்து, இரண்டு காலடிக்கு விடுவது. இதை 2-2 என்று சொல்லலாம். மூன்றுக்கு இழுத்து இரண்டுக்கு விட்டால் 3-2. இரண்டுக்கு இழுத்து ஒன்றுக்கு விட்டால் 2-1. பட் கோட்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 3-2ஐ வலியுறுத்துகிறார். மொத்தம் ஐந்து காலடி என்பதால் மூச்சுவிடும் தொடக்கம் ஒரு முறை இடது காலிலும் மறுமுறை வலது காலிலும் மாறி மாறி விழும். தரை தரும் அதிர்வு எப்போதும் ஒரே பக்கம் சேராது என்பது அவருடைய வாதம். இதனால் காயம் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நிதான ஓட்டத்துக்கு 3-2 வசதியானது. அதை நான் பரிந்துரைப்பது அந்த வசதிக்காகத்தான்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். 7 நிமிடம் எல்லை என்றால், கொஞ்சம் கையிருப்பு வைத்து 6 நிமிடம் 45 விநாடியைக் குறிவைப்போம். அப்படியானால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 27 விநாடி. 400 மீட்டர் வட்டத்தில் 1500 என்பது முதலில் 300 மீட்டர், பிறகு மூன்று முழுச் சுற்று. ஓடுபவரின் காலடியை முதலில் எண்ண வேண்டும்: அதே வேகத்தில் ஓடிக்கொண்டே வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று பாருங்கள். 42 என்றால் அதை நாலால் பெருக்கி, நிமிடத்துக்கு 168 காலடி.

முதல் 300 மீட்டர் 81 விநாடி, 3-2. அதாவது நிமிடத்துக்கு 34 மூச்சு. அடுத்த இரண்டு சுற்றும் 2-2, 42 மூச்சு. கடைசிச் சுற்று 2-1; 56 மூச்சு. மொத்தமும் கூட்டினால் ஏறக்குறைய 300 மூச்சு வரும். 

கெடுவது பெரும்பாலும் முதல் 200 மீட்டரில். விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்ந்து, 54 விநாடியில் கடக்க வேண்டியதை 40 விநாடியில் கடந்துவிடுவார்கள். அப்போது மூச்சு வாங்காது. மூச்சின் வேகம் உழைப்பின் வேகத்தை எட்டிப்பிடிக்க ஓரிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வதால் ஏமாந்துவிடுகிறோம். இரண்டாம் சுற்றில் மொத்தமும் சேர்ந்து வந்து அழுத்தும். முதல் 300 மீட்டரில் 3-2 பிடிக்கவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அங்கேயே குறைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை தவறாக இருப்பதையும் உடம்பு சொல்லிவிடும். அடுத்த காலடிக்காக மூச்சை ஒரு கணம் பிடித்து வைத்துக் காத்திருந்தால், எண்ணிக்கை உங்களுக்கு நீளம். ஒரு காலடியைக் குறையுங்கள். நிதான ஓட்டத்திலேயே தலை லேசாகச் சுற்றி, விரல் நுனியும் உதடும் மரத்தாற்போல் இருந்தால் தேவைக்கு மேல் மூச்சுவிடுகிறீர்கள். ஒரு காலடியைக் கூட்டுங்கள். விலாவில் சுருக்கென்று பிடித்தால் வேகத்தைக் குறைத்து, காற்றை முழுவதும் வெளியே தள்ளி, பிடித்த பக்கத்துக்கு எதிர்க்கால் தரையில் படும்போது மூச்சுவிடத் தொடங்கிப் பாருங்கள்; சிலருக்கு இது கேட்கிறது. ஓட்டத்துக்குச் சற்று முன் வயிறு நிறையச் சாப்பிட்டதும் குடித்ததும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதால், அதைத் தவிர்ப்பது இன்னும் நிச்சயமான வழி.

பழக்கத்தை ஓட்டத்தில் தொடங்க வேண்டாம். மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து, இழுக்கும்போது கை மேலே எழுகிறதா என்று பாருங்கள். அது வந்த பிறகு நடையில் 3-2 எண்ணுங்கள். நடையில் எண்ணாமலே வரத் தொடங்கினால் மெதுவோட்டத்துக்குப் போங்கள். வேக ஓட்டத்தில் 2-2 எடுப்பது கடைசியாகத்தான். ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் எண்ணிக்கை உடையும். அப்போது உடம்பு கேட்கும் மூச்சைக் கொடுத்துவிட்டு, சமதரையில் மறுபடி எண்ணிக்கொள்ளலாம். காலடிக்கு இணங்க வேண்டும் என்பதற்காக மூச்சை அடக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேக ஓட்டத்தில் வாயைத் திறக்கும் பையனைத் திட்டாதீர்கள். அவன் எத்தனை காலடிக்கு மூச்சுவிடுகிறான் என்று கேளுங்கள். ஓடி முடித்துப் பத்து நிமிடம் ஆகியும் மூச்சு அடங்காதவனையும், நெஞ்சுவலியோ மயக்கமோ சொல்பவனையும் அடுத்த ஓட்டத்துக்கு முன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.