பேச்சுத்தமிழில் தொக்கி நிற்கும் எச்சத்தொடர்கள்: பணிவும் முற்றுப்பெறாமையும்

திறவுச்சொற்கள்: எச்சத்தொடர், வினைமுற்று, பணிவு, வேண்டுகோள், மறுப்பு, உரையாடல் பகுப்பாய்வு, ஒலிப்பதிவு எழுத்தாக்கம்

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் தம் நெறியாளரிடம், “ஐயா, அந்த மூணாவது இயலைக் கொஞ்சம் பாத்தீங்கன்னா...” என்று கூறி நிறுத்துவதாகக் கொள்வோம். நெறியாளர், “வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துத் தர்றேன்ப்பா” என்கிறார். முதற்கூற்றில் வினைமுற்று இல்லை. ஆயினும் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டு, அது ஏற்கப்பட்டும்விட்டது. அதே ஆய்வாளர் மற்றொரு நாள், “ஐயா, அந்த மூணாவது இயலைப் பாத்தீங்கன்னா... வந்து... அதுல கல்வெட்டுச் சான்று குறைவா இருக்கு” என்கிறார். இங்கு வேண்டுகோள் ஏதுமில்லை. இடையில் சொல்லைத் தேடும் தயக்கமே உள்ளது.

களப்பணி ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும்போது இவ்விரு நிறுத்தங்களும் மூன்று புள்ளிகளாகவே பதிவாகின்றன. பின்னர் ‘முற்றுப்பெறாத தொடர்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வந்து, தொடரியல் பகுப்பாய்வுக்கு உதவாதவை என ஒதுக்கவும்படுகின்றன. ஒதுக்கப்பட்டது ஒரு வேண்டுகோளாகவோ மறுப்பாகவோ இருப்பின், பணிவு குறித்த ஆய்வு தன் நேரடிச் சான்றையே இழந்துவிடுகிறது.

மரபிலக்கணம் காட்டும் வேறுபாடு

தொல்காப்பிய எச்சவியல் பத்து வகை எச்சங்களைச் சுட்டுகிறது. வினையெச்சமும் பெயரெச்சமும் தம்மை முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பவை. ஆனால் சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் ஆகிய மூன்றையும் பின்வந்து முடிக்கும் சொற்கள் இல்லை என்றும், அவை தத்தம் குறிப்பினாலேயே எஞ்சிய பொருளை உணர்த்தும் என்றும் அந்நூல் வேறுபடுத்துகிறது. இன்றைய உரையாடலை மனத்தில் கொண்டு இவ்வரையறை செய்யப்படவில்லை என்பது வெளிப்படை. எனினும், முடிக்கும் சொல்லுக்காகக் காத்திருக்கும் எச்சம் வேறு, சொல் வராமலேயே பொருள் நிறைவுறும் எச்சம் வேறு என்னும் பாகுபாடு இங்கு அப்படியே பயன்படுகிறது. பேச்சுத்தமிழின் தொக்கிநிற்கும் தொடர் வடிவில் வினையெச்சம்; தொழிலிலோ குறிப்பெச்சம். குழப்பத்திற்கு அதுவே காரணம்.

தற்கால மொழியியலில் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் தம் பணிவுக் கோட்பாட்டில், மறைமுகமாகப் பேசும் உத்திகளுள் ஒன்றாகக் கூற்றை முடிக்காமல் விடுவதைச் சேர்த்துள்ளனர். அக்கோட்பாட்டுக்குரிய மூன்று முதன்மை மொழித்தரவுகளுள் ஒன்று கோயம்புத்தூர்ப் பகுதிச் சிற்றூர்த் தமிழ் என்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது.

விடுபடுவது எது?

தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் வருகிறது. கட்டளை, வேண்டல், மறுப்பு என எச்செயலைப் பேசுபவர் நிகழ்த்துகிறார் என்பது பெரும்பாலும் அங்குதான் வெளிப்படுகிறது. எனவே தொடரை இறுதிக்கு முன் நிறுத்துபவர், காரணத்தையும் நிபந்தனையையும் முழுமையாகச் சொல்லிவிட்டுக் கேட்பவரை நெருக்கக்கூடிய சொல்லை மட்டும் தவிர்க்க முடிகிறது. “பையனுக்கு அன்னைக்குப் பரீட்சை வேற இருக்கு, அதனால...” என்று அழைப்பை மறுப்பவர் ‘வர முடியாது’ என்பதை உச்சரிப்பதே இல்லை.

மற்றொரு வசதியும் உண்டு. ‘-ஆல்’ ஈற்று நிபந்தனை எச்சம் திணை, பால், எண், இடம் காட்டாது. “நேரம் கெடச்சா...”, “கையெழுத்துப் போட்டுக் குடுத்தா...” எனும்போது ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என்ற தேர்வும் தள்ளிப்போகிறது. வயதில் இளையவராகவும் பதவியில் மூத்தவராகவும் உள்ள ஒருவரிடம் பேசுவோர்க்கு இது சிறு உதவியன்று. ‘பாத்தீங்கன்னா’ என்னும் வடிவமோ மரியாதை விகுதியை எச்சத்திற்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது.

பிரித்தறியும் முறை

முதலில் நோக்க வேண்டியது நின்ற இடம். “அந்தப் புத்தகத்தை...” என்று வேற்றுமை உருபோடு நின்ற பேச்சில் எச்சத்தொடர்கூட அமையவில்லை, அதனைப் பணிவுத் தொடராகக் கொள்ள வலுவான சூழற்சான்று வேண்டும். தொக்கிநிற்கும் தொடர் ‘-ஆ’, ‘-ன்னா’, ‘-ன்னு’, ‘அதனால’, ‘அதான்’ போன்ற இணைப்பில் நிற்கும். எனினும் இது தேவையான சான்றேயன்றிப் போதுமான சான்றன்று. சொல்தேடுபவரும் இதே இடத்தில் நிற்கலாம். ‘பாத்தீங்கன்னா’ என்பது பேசுபொருளை முன்வைக்கும் வழக்குச்சொல்லாகவும் ஆகிவிட்டதால், அவ்வடிவத்தை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

அடுத்தது ஓசை. சொல்தேடலில் ஈற்றுயிர் நீண்டு, குரல் அதே மட்டத்தில் நிற்கும். ‘வந்து’, ‘அது என்னன்னா’ போன்ற நிரப்புச்சொற்கள் பின்தொடரும். பார்வை பெரும்பாலும் கேட்பவரிடமிருந்து விலகும். தொக்கிநிற்கும் தொடரில் ஈறு நீண்டாலும் குரல் தணிந்து தேயும், நிரப்புச்சொல் வராது, பார்வை கேட்பவர்மீது நின்று மறுமொழியை எதிர்பார்க்கும். இவை போக்குகளே, தனித்தனியே ஒவ்வொன்றும் தவறக்கூடும்.

இவற்றினும் வலுவான சான்று அடுத்த கூற்றில் கிடைக்கிறது. ஒரு கூற்றை உரையாடலில் பங்குகொண்டோர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பது அடுத்துவரும் கூற்றில் வெளிப்படும் என்பது உரையாடல் பகுப்பாய்வின் அடிப்படை. “பாத்துத் தர்றேன்ப்பா” என்பது வேண்டுகோளுக்கான மறுமொழி. அதன்பின் ஆய்வாளர், “சரிங்க ஐயா, நன்றி” என்று அமைந்தால், தொடர் அவரளவிலும் முடிந்திருந்தது. “இல்லீங்க ஐயா, அதுல கல்வெட்டுச் சான்று...” என்று தொடங்கினால் நெறியாளர் முந்திக்கொண்டார் என்பது பொருள். ஆகவே இரண்டாம் கூற்றோடு நில்லாமல் மூன்றாம் கூற்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

‘சொல்லு’ என்னும் மறுமொழி

இம்முறைக்கும் சிக்கலான ஓர் இடம் உண்டு. “பாத்தீங்கன்னா...” என்றதும் நெறியாளர், “ம், சொல்லு” என்கிறார். இதைக் கொண்டு தொடர் முற்றுப்பெறவில்லை என்று முடிவு செய்வது பிழையாகலாம். உயர்நிலையில் இருப்பவர் குறிப்பை உணர்ந்தும் உணராதவர்போல் இருந்து, கேட்பவரையே வாய்விட்டுக் கேட்கச் செய்வது வழக்கத்தில் உள்ளதே. பணிவின் வழியே தம்மிடம் விடப்பட்ட பொறுப்பை அவர் திருப்பி அனுப்புகிறார்.

இங்கும் மூன்றாம் கூற்றே வழிகாட்டுகிறது. ஆய்வாளர், “இல்ல ஐயா, ஒரு தடவை பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்” என்றால் அவர் புதிய செய்தி எதையும் சேர்க்கவில்லை. முன்னரே விளங்கிய வேண்டுகோளுக்கு ஒரு பொதுவான முடிப்பை ஒட்டுகிறார். ‘நல்லா இருக்கும்’, ‘உதவியா இருக்கும்’, ‘போதும்’ என்பவற்றுள் எதை இட்டாலும் செயல் மாறாது. மாறாக, சொல்தேடலில் விடுபட்டது ‘கல்வெட்டுச் சான்று’ போன்ற குறிப்பிட்ட செய்தி. பேசுபவரைத் தவிர வேறெவரும் அதனை உறுதியாக நிரப்ப இயலாது. பதிலிட்டுப் பார்க்கும் இச்சோதனை, அடுத்த கூற்று பதிவாகாத இடங்களிலும் ஓரளவு உதவும்.

வேறு சில கூற்றுகள் எச்சோதனைக்கும் பிடிபடாதவை. பேசுபவர் தொடரை விட்டுப் பார்க்கிறார். கேட்பவர் முகம் சுளித்தால் வேறு செய்தியைச் சொல்லித் தொடர்கிறார். இசைந்தால் அங்கேயே நின்றுவிடுகிறார். அந்நொடியில் தொடர் முடிந்ததா என்பது அவருக்கே தீர்மானமாகியிருக்காது. இத்தகையவற்றை ஏதேனும் ஒரு வகையில் வலிந்து அடக்குவதைவிட ஐயத்திற்குரியவை எனத் தனியே குறிப்பது நேர்மையானது.

எழுத்தாக்கத்தில் கொள்ள வேண்டியவை

எழுத்தாக்குவோர் பலர் விடுபட்ட வினைமுற்றை அடைப்புக்குறிக்குள் தாமே நிரப்பிவிடுகின்றனர். “பாத்தீங்கன்னா (நல்லா இருக்கும்)” என்றெழுதிய உடனேயே, பேசுபவர் வேண்டுமென்று தவிர்த்த ஒன்று தரவில் ஏறிவிடுகிறது. நிரப்பாமல் விட்டு, ஈற்றில் குரல் தணிந்ததா நிலைத்ததா என்பதையும், அடுத்த பேச்சு தொடங்கும்வரை உள்ள இடைவெளியை வினாடிக் கணக்கிலும் குறித்தல் வேண்டும். மூன்று புள்ளிக்குப் பதிலாகத் தணிந்த ஈற்றுக்கு ஒரு குறியும், நிலைத்த ஈற்றுக்கு மற்றொரு குறியும், திடீரென அறுந்த பேச்சுக்கு இடைக்கோடும் இடலாம். தெரிந்தெடுத்த கூற்றை மட்டும் வெட்டிச் சேமிக்காமல், அதனையடுத்த இரு கூற்றுகளையும் உடன் வைத்திருந்தால்தான் இவ்வேறுபாட்டைப் பின்னர் வேறோர் ஆய்வாளர் சரிபார்க்க இயலும்.